கொப்பியின் மூன்று பக்கங்கள்

(கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் மலையகத் தொழிலாளர்களுக்காகக் கொட்டாஞ்சேனையில் நமது சங்கம் நடத்திய ஞாயிறு கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் வாசலில் நின்று உங்களில் சிலரிடம் ஒரே கேள்வியைக் கேட்டோம். "உங்களுக்கு என்ன வேலை தெரியும்?" கிடைத்த பதில்கள் இவை: "கடையில் நிற்கிறேன்." "வீட்டு வேலை." "சாப்பாட்டுக் கடையில் இருக்கிறேன்." "ஒன்றும் பெரிதாகத் தெரியாது அண்ணன்." ஒருவர்கூடத் தான் செய்யும் வேலையைச் சொல்லவில்லை. எங்கே நிற்கிறோம் என்பதைத்தான் எல்லோரும் சொன்னீர்கள்.

சொந்தமாக ஏதாவது தொடங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு சங்கத்துக்கு வருகிறவர்கள் குறைவில்லை. என்ன தொடங்கப் போகிறீர்கள் என்று கேட்டால் கடை என்கிறார்கள், இல்லாவிட்டால் ஆட்டோ என்கிறார்கள். கண்ணில் படுவது அவை இரண்டும்தான். இரண்டுக்கும் கையில் இல்லாத பணம் வேண்டும். அதனால் பேச்சு கடனில் போய் நிற்கும். கடந்த சில காலமாக நாங்கள் வேறொரு வழியில் உட்கார்ந்து பார்க்கிறோம். அப்படி வருகிறவரிடம் ஒரு அப்பியாசக் கொப்பியைக் கொடுத்து, மூன்று பக்கங்களை நிரப்பச் சொல்கிறோம். முதல் பக்கத்தில் செய்யத் தெரிந்தவை, இரண்டாம் பக்கத்தில் தெரிந்த மனிதர்கள், மூன்றாம் பக்கத்தில் கையில் உள்ளவை. எந்தத் தொழில் என்ற பேச்சை அதன் பிறகுதான் எடுக்கிறோம்.

இது நாங்கள் கண்டுபிடித்த முறை இல்லை. சரஸ் சரஸ்வதி என்ற பேராசிரியை அமெரிக்காவில், பெரிய நிறுவனங்களைத் தொடங்கி நடத்திய 27 பேரிடம் ஒரே கற்பனைத் தொழிலைக் கொடுத்து, அவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்தார். அவருடைய கட்டுரை 2001இல் வெளிவந்தது. அனுபவசாலிகள் பெரும்பாலும் இலக்கை முதலில் வைத்துவிட்டுப் பணம் தேடப் போவதில்லை. நான் யார், எனக்கு என்ன தெரியும், யாரைத் தெரியும் என்பதிலிருந்துதான் அவர்கள் தொடங்குகிறார்கள். எவ்வளவு லாபம் வரும் என்று கேட்பதற்கு முன்னால், எவ்வளவு போனால் தாங்குவேன் என்று கேட்கிறார்கள். எங்களுக்குப் பிடித்தது அந்த இரண்டாவது கேள்விதான். நம் வீடுகளில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் கடன் எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

படித்தவர்களின் ஆய்வு ஒரு பக்கம் இருக்கட்டும். 1959 மார்ச் 15ஆம் திகதி பம்பாயின் கிர்காம் பகுதியில், ஒரு குடியிருப்பின் மொட்டை மாடியில் ஏழு பெண்கள் சேர்ந்து அப்பளம் இட்டார்கள். இன்று லிஜ்ஜத் அப்பளம் என்று எல்லோரும் அறிந்த கூட்டுறவின் முதல் நாள் அது. அன்று அவர்கள் செய்தது 4 பாக்கெட். கடனாக வாங்கியது 80 ரூபாய். அவர்களிடம் நம் கொப்பியைக் கொடுத்திருந்தால் முதல் பக்கத்தில் அப்பளம் இடத் தெரியும் என்று இருக்கும். இரண்டாம் பக்கத்தில் புலேஷ்வர் கடைத்தெருவில் தெரிந்த ஒரு வியாபாரியும், 80 ரூபாய் கடன் தந்த சமூக சேவகரும் இருப்பார்கள். மூன்றாம் பக்கத்தில் மொட்டை மாடி. அந்த மாடியில் தினமும் துணி காயப் போட்டிருப்பார்கள். அது ஒரு சொத்து என்று எழுத எவருக்குத் தோன்றும்?

அவர்கள் பட்டியலில் எழுதாமல் விட்ட இன்னொன்றும் இருந்தது. அது வெயில். மழைக்காலம் வந்ததும் அப்பளம் காயவில்லை. முதல் வருடம் நான்கு மாதம் வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த வருடம் ஒரு கட்டிலும் ஒரு அடுப்பும் வாங்கினார்கள். கட்டிலின் மேல் அப்பளம், கட்டிலுக்குக் கீழே அடுப்பு. இலவசமாகக் கிடைப்பதை நாம் எழுதுவதில்லை, அது இல்லாமல் போகும்போதுதான் கண்ணில் படுகிறது. இந்த வெயிலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

இப்போது நம் தம்பி ஒருவரின் கதை. அவர் சம்மதித்ததால் சொல்கிறோம், பெயர் வேண்டாம் என்றார். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம், 29 வயது. வெள்ளவத்தையில் ஒரு பலசரக்குக் கடையில் ஒன்பது வருடம். சங்கத்துக்கு வந்தபோது சொந்தக் கடை போட வேண்டும் என்றுதான் சொன்னார். கையில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் இருந்தது. வெள்ளவத்தையில் அந்தப் பணத்துக்குக் கடையின் முற்பணத்தில் கால்வாசிகூடத் தேறாது.

முதல் பக்கத்தை நிரப்பச் சொன்னோம். "கடை வேலை" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பேனையைக் கீழே வைத்துவிட்டார். இது எல்லோருக்கும் நடப்பதுதான். திறமையை எழுது என்றால் எவருக்கும் எழுத வராது. அதனால் நாங்கள் கேள்வியை மாற்றினோம். "போன திங்கட்கிழமை காலையிலிருந்து என்ன செய்தீர்கள்? நாள் நாளாக எழுதுங்கள். யார் உங்களை என்ன கேட்டார்கள் என்பதையும் எழுதுங்கள்."

எழுதியபோது இப்படி வந்தது. திங்கள், லிப்ட் வேலை செய்யாத தொடர்மாடியில் நான்காம் மாடிக்கு கேஸ் சிலிண்டர் தூக்கிப்போய்ப் பூட்டிக் கொடுத்தது. அதே வீட்டு அம்மாவுக்கு வந்திருந்த சிங்களக் கடிதத்தை வாசித்துச் சொன்னது. புதன், ஒரு ஐயாவின் போனைச் சரிசெய்து கனடாவிலுள்ள மகளோடு முகம் பார்த்துப் பேச வைத்தது. வியாழன், மருந்துச் சீட்டோடு பார்மசிக்குப் போய் வந்தது. வெள்ளி, முதலாளியிடம் அரை நாள் கேட்டு, வேறொரு அம்மாவைக் களுபோவில ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப்போனது. விடியற்காலையில் நம்பர் எடுத்து, டாக்டர் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் சொல்லி, மருந்து வரிசையில் நின்று, வீட்டில் கொண்டுவந்து விட்டது. ஒரு வாரத்தில் 23 வரிகள். அரிசி நிறுத்ததும் பில் போட்டதும் அவற்றில் எட்டு வரிதான். மற்றவற்றை அவர் வேலை என்றே நினைக்கவில்லை. "அது சும்மா உதவி அண்ணன்" என்றார்.

இரண்டாம் பக்கத்தில் ஆட்களை எழுதச் சொன்னால், பெரிய ஆட்களைத் தேடுவது நம் வழக்கம். இன்ன எம்.பி.யின் செயலாளரைத் தெரியும் என்று எழுதுவார்கள். அதை எழுதாதீர்கள் என்கிறோம். உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்களை மட்டும் எழுதுங்கள். பக்கத்தில் அவர்கள் கடைசியாக உங்களிடம் கேட்டது என்ன என்றும் எழுதுங்கள். தம்பியின் பக்கத்தில் 31 வீடுகள் வந்தன. காலி வீதியின் இரண்டு பக்கத்து ஒழுங்கைகளிலும் தொடர்மாடிகளில் இருப்பவர்கள். பிள்ளைகள் வெளிநாட்டில், இங்கே தனியாகவோ கணவன் மனைவியாகவோ வயதான இருவர் மட்டும் இருக்கும் வீடுகள் எத்தனை என்று கேட்டோம். எண்ணினார். 12. அதோடு ஆட்டோ நிறுத்தத்தில் மூன்று பேர், தொடர்மாடிக் காவலாளிகள், பார்மசியில் நிற்கும் ஊர்ப் பையன் ஒருவர்.

மூன்றாம் பக்கத்தில்தான் அதிகம் தகராறு. கையில் உள்ளதை மட்டும் எழுதிவிட்டுக் கடனை விட்டுவிடுகிறோம். நாங்கள் பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போடச் சொல்கிறோம். இடது புறம் இருப்பவை, வலது புறம் கொடுக்க வேண்டியவை. தம்பியின் இடது புறத்தில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம், ஒரு போன், ஒரு சைக்கிள். வலது புறத்தில் தங்கையின் கலியாணத்துக்கு அடகு வைத்த சங்கிலியும் அதன் மாத வட்டியும். ஊழியர் சேமலாப நிதியத்தையும் எழுதுங்கள் என்றோம். உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயதில் எடுக்கும் பணம் அது, தொழில் தொடங்குவதற்கான பணம் இல்லை. இருந்தாலும் அது உங்கள் சொத்து. எழுதப் போய்க் கணக்கைப் பார்த்தால், ஒன்பது வருடத்தில் நான்கு வருடத்துக்குத்தான் பணம் கட்டப்பட்டிருந்தது. அந்த விடயத்தை இப்போது தொழில் திணைக்களத்தில் சங்கம் பார்க்கிறது. இன்றைக்கே உங்கள் கணக்கையும் பாருங்கள். தொழில் தொடங்காவிட்டாலும் பரவாயில்லை, அதைப் பார்க்காமல் விடாதீர்கள்.

மூன்று பக்கங்களையும் மேசையில் விரித்து, ஒரு சிவப்புப் பேனையால் கோடு இழுக்கச் சொன்னோம். முதல் பக்கத்தில் ஒரு வரி, இரண்டாம் பக்கத்தில் அதைக் கேட்ட ஆள், மூன்றாம் பக்கத்தில் அதற்குப் போதுமான பொருள். மூன்றும் சேரும் இடம் எது? கடைக்குக் கோடு போகவே இல்லை, மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டது. கிளினிக்குக் கூட்டிப்போகும் வரியில் மட்டும் ஏழு வீடுகளுக்குக் கோடு போனது. அதற்குத் தேவை இரண்டு மொழி, பொறுமை, ஒரு போன். சைக்கிள்கூட வேண்டாம். தம்பி சிரித்தார். "இதுக்குக் காசு கேட்கலாமா?"

காகிதத்தில் கோடு சேர்ந்துவிட்டால் தொழில் ஆகிவிடாது, அதைச் சோதிக்க வேண்டும். மூன்று பேரிடம் விலையைச் சொல்லிக் கேட்கச் சொன்னோம். "நல்ல யோசனை" என்ற பதிலைக் கணக்கில் எடுக்கக் கூடாது. திகதியும் காசும் சொன்னால்தான் ஆம் என்று எழுத வேண்டும். அவர் அரை நாளுக்கு 2,500 ரூபாய், ஆட்டோக் காசு தனி என்று வைத்தார்.

முதலில் கேட்ட யாழ்ப்பாணத்து அம்மா மனம் நொந்துபோனார். "தம்பி, நீயும் காசு கேக்கிறியோ?" இத்தனை வருடம் சும்மா செய்தவர் விலை சொன்னால் அப்படித்தான் இருக்கும். தம்பிக்கு அன்றே விட்டுவிடலாம் என்று தோன்றியிருக்கிறது. நாங்கள் உட்கார்ந்து பேசி ஒரு கோடு போட்டோம். கடிதம் வாசிப்பது, மருந்து வாங்கி வருவது, போன் சரிசெய்வது எல்லாம் முன்போலச் சும்மா. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போகும் வேலைக்கு மட்டும் காசு. இரண்டாவது வீட்டு ஐயா போனை எடுத்துக் கனடாவிலுள்ள மகளிடம் கொடுத்தார். அந்த மகள் விலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அப்பா டாக்டரிட்ட போனாரா, டாக்டர் என்ன சொன்னவர் எண்டு எனக்குத் தெரிய வேணும்" என்றாராம். அங்கேதான் எங்களுக்கும் ஒன்று புரிந்தது. இரண்டாம் பக்கத்தில் நாங்கள் பெற்றோரைத்தான் எழுதியிருந்தோம். காசு கொடுப்பவர் பிள்ளை. அவர் விலைக்கு வாங்குவது டாக்டர் என்ன சொன்னார் என்ற செய்தி. அன்றிலிருந்து தம்பி ஒரு சிறு கொப்பியில் போன நேரம், வந்த நேரம், டாக்டர் சொன்னது, அடுத்த திகதி எல்லாவற்றையும் எழுதி, மருந்துச் சீட்டோடு படம் எடுத்து அனுப்புகிறார். அந்தக் கொப்பிக்காகவே இன்னும் இரண்டு வீடுகள் கேட்டு வந்தன.

இனி வெயிலுக்கு வருவோம். தம்பியின் பட்டியலில் எழுதப்படாத வெயில், கடை முதலாளியின் அனுமதி. அந்த 31 வீடுகளும் கடை வழியாகக் கிடைத்தவை. ஒளித்துச் செய்தால் ஒரு நாள் வேலையும் போகும், பேரும் போகும். அதனால் நேரில் போய்ச் சொல்லச் சொன்னோம். முதலாளி முதலில் முறைத்தார், பிறகு வார விடுமுறையோடு சில காலை நேரங்களை விட்டுக்கொடுத்தார், சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு. எல்லா முதலாளியும் இப்படி இருக்க மாட்டார்கள். உங்கள் கொப்பியில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், இந்த ஆள் எனக்குத் தெரிந்தவரா, என் முதலாளிக்குத் தெரிந்தவரா என்று ஒரு எழுத்துப் போட்டு வையுங்கள்.

கணக்கையும் சொல்கிறோம். முதல் மாதம் ஆறு பயணம், 15,000 ரூபாய். நான்காம் மாதம் 14 பயணம், 35,000. சம்பளத்தில் குறைந்தது 12,000, தன் பஸ் காசும் ரீலோடும் 2,000. மிச்சம் 21,000. வேலையை விடவில்லை. விடவும் முடியாது. கிளினிக் காலையில்தான், ஒரு காலைக்கு ஒரு ஆள்தான் கூட்டிப்போக முடியும். மாதத்தில் 20 காலை முழுவதும் ஓடினாலும் 50,000க்கு மேல் போகாது. அதில் காய்ச்சல் நாளும் உண்டு, தீபாவளிக்கு ஊருக்குப் போகும் நாளும் உண்டு. இதைக் காகிதத்தில் பார்த்த பிறகுதான் அடுத்த பேச்சு வந்தது. வயதான அம்மாக்கள் சிலர் பெண் துணை கேட்கிறார்கள். தம்பியின் சித்தி மகள் வெள்ளவத்தையில் வீடுகள் துப்புரவு செய்கிறவர். அவரையும் மூன்று பக்கம் எழுத வைத்து, இரண்டு கொப்பிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். இப்போது இரண்டு பேர் போகிறார்கள்.

செய்ய மாட்டோம் என்றும் ஒரு பட்டியல் அவர்களிடம் உண்டு. வங்கி அட்டையையும் அதன் இரகசிய இலக்கத்தையும் வாங்குவதில்லை. ஊசி போடுவதில்லை, மருந்தின் அளவைத் தாங்களாக மாற்றிச் சொல்வதில்லை. ஆஸ்பத்திரியில் எந்தப் படிவத்திலும் கையெழுத்து வைப்பதில்லை, பிள்ளைக்குப் போன் எடுத்துக் கொடுப்பார்கள். ஒரு வீட்டில் ஒரு மோதிரம் காணாமல் போனால் முதலில் பார்ப்பது நம் பிள்ளைகளைத்தான் என்பது இந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்த விடயம். அதனால் அலுமாரி இருக்கும் அறைக்குள் தனியாகப் போவதில்லை என்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

எல்லாக் கொப்பியிலும் கோடு சேர்வதில்லை. இதே கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் ஆறு வருடம் சமைக்கும் ஒரு அக்கா எழுதினார். முதல் பக்கம் நிறைந்தது. இரண்டாம் பக்கத்தில் அந்த ஒரே வீடும், கோயிலில் தெரிந்த நான்கு பேரும். மூன்றாம் பக்கத்தின் வலது புறத்தில் இரண்டு நுண்கடன், வாரம் வாரம் தவணை. இடியப்பம் அவித்து விற்கப் போகிறேன் என்றார். போனால் எவ்வளவு தாங்குவீர்கள் என்று கேட்டோம். ஒரு வாரத் தவணைகூடத் தாங்காது என்று அவர் கொப்பியே சொன்னது. வேண்டாம் அக்கா, இப்போது வேண்டாம் என்றோம். முதல் பக்கத்திலிருந்து வேறொன்று கிடைத்தது. படிக்காமலே கையால் பழகிய வேலைக்கு, முன்கற்றல் அங்கீகாரம் என்ற முறையில், சோதித்துப் பார்த்து என்.வி.கியூ. சான்றிதழ் கொடுக்கிறார்கள். வகுப்புக்குப் போகத் தேவையில்லை. செய்த வேலைக்கான ஆதாரங்களைச் சேர்த்துக் கொடுத்து, மதிப்பீட்டாளர் முன்னால் செய்து காட்ட வேண்டும். அக்கா அதற்கு இப்போது ஆதாரம் சேர்க்கிறார். சம்பளம் பேசும்போது அந்தக் காகிதம் மேசையில் இருக்கும்.

தோட்டத்திலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் எழுதும்போது மூன்றாம் பக்கத்தில் இன்னொரு கோடு வேண்டும். லயத்துக்குப் பின்னால் மரக்கறித் தோட்டம் இருக்கும், மாட்டுக் கொட்டில் இருக்கும். அவை உங்கள் கையில் இருக்கின்றன, உங்கள் பெயரில் இல்லை. பாவிப்பது ஒரு புறம், சொந்தமானது ஒரு புறம் என்று பிரித்து எழுதுங்கள். நிர்வாகம் நாளைக்கு எடு என்றால் எடுக்க வேண்டிய இடத்தில் கடன் வாங்கிக் கொட்டில் கட்ட வேண்டாம். வெட்டி எடுத்துவிட்டு நகரக்கூடிய மரக்கறி போடுங்கள், மூன்று மாதத்தில் கையில் காசு. இரண்டாம் பக்கத்தில் கொழும்பிலுள்ள உங்கள் பிள்ளையின் பெயரை எழுத மறக்காதீர்கள். நம்மவர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள், வீட்டு ஆள் என்பதால். அந்தப் பிள்ளைக்குப் பின்னால் 31 வீடுகள் இருக்கலாம்.

கொப்பிகள் மேசையில் இருக்கின்றன, போகும்போது ஆளுக்கொன்று எடுங்கள். வீட்டில் போய் மூன்று பக்கத்தையும் ஒரே இரவில் எழுத வேண்டாம். நாளைக்குத் திங்கள், நாளை இரவு நாளைய நாளை மட்டும் எழுதுங்கள். அடுத்த ஞாயிறு வரை அப்படியே. எழுத வராதவர்கள் பிள்ளையிடம் சொல்லி எழுத வையுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அடுத்த கூட்டத்துக்குக் கொப்பியோடு சேமலாப நிதியக் கணக்கு விபரத்தையும் கொண்டு வாருங்கள். சிவப்புப் பேனைகளை நாங்கள் கொண்டு வருகிறோம்.